சூடான தரையில் நிற்பவர்களுக்கு எந்த சேஃப்டி ஷூ? – கேள்வி பதில்

தார் ரோடு போடுற வேலை சார். 300 டிகிரி தாங்கும்னு சொல்லி வாங்கினேன். சோலுக்கு ஒண்ணும் ஆகலை, ஆனா மதியத்துக்குள்ள உள்ளங்கால் எரியுது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. அந்த 300 டிகிரி சோலுக்கான கணக்கு, காலுக்கானது அல்ல. உங்கள் ஷூவில் எச்.ஆர்.ஓ. என்று குறி இருக்கும். 300 டிகிரிக்குச் சூடாக்கிய உலோகத்தைச் சோலில் ஒரு நிமிடம் வைத்தும் அது உருகாமல், விரிசல் விடாமல் இருந்தால் அந்தக் குறி கிடைக்கும். ஷூவுக்குள் எவ்வளவு சூடு ஏறியது என்பதை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை.

காலுக்கான குறி எச்.ஐ. இதற்கு 150 டிகிரி சூட்டின் மேல் ஷூவை அரை மணி நேரம் வைப்பார்கள். உள்ளே 22 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. ஆனால் சோதனை தொடங்கும்போது ஷூ 23 டிகிரியில் இருக்கிறது, முடியும்போது அதிகபட்சம் 45. நீங்கள் வெயிலில் வேலையை ஆரம்பிக்கும்போதே உள்ளே 35 இருக்கும். அங்கிருந்து அதே 22 ஏறினால் 57. அந்தச் சூட்டில் தோல் சீக்கிரமே வெந்துவிடும். அதனால் எச்.ஐ. ஷூ போட்டாலும் நாள் முழுக்கச் சூடான தார் மேலேயே நிற்க முடியாது. ரேக் பிடிப்பவர் அரை மணிக்கு முன்பே ஆள் மாற்றிக்கொண்டு, ஆறிய தரையில் நிற்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு இரண்டு குறியும் வேண்டும். ஆணி குத்தாமல் இருக்க உள்ளே தகடு வைத்த ஷூ என்றால், அது இரும்பா துணியா என்று கேளுங்கள். இரும்புத் தகடு சூட்டை எளிதாகக் கடத்தும். நெய்த துணித் தகடு அவ்வளவு கடத்தாது, ஆனால் மெல்லிய ஆணிக்கு இரும்பு அளவுக்கு ஈடுகொடுக்காது. புதுத் தார் மேல் ஆணி அபூர்வம், எனவே உங்களுக்குத் துணி. பழைய கட்டடம் இடிப்பவருக்கு இதையே சொல்ல மாட்டேன்.

அதுக்கு உள்ளே ஒரு தடிமனான இன்சோல் கூடப் போட்டா சரியாகிடுமே?

போடாதீர்கள். கால் மேலே ஏறி, டோ கேப்புக்கும் விரலுக்கும் இடையே உள்ள இடம் போய்விடும். பாரம் விழும்போது கேப் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். அந்த இடம்தான் விரலைக் காக்கிறது.

இரும்பு கேப் மடங்கி விரலையே வெட்டிடும். எங்க சைட்ல எல்லாருக்கும் தெரியும். கேப் இல்லாத ஷூதான் நல்லது.

இல்லை. 200 ஜூல் அடியைத் தாங்கினால்தான் ஐ.எஸ்.ஓ. 20345 தரம் கிடைக்கும். அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. அதையும் மீறிக் கேப்பை மடக்குகிற பாரம், கேப் இல்லாத விரலை என்ன செய்யும்?

நான் ஃபவுண்டரியில் இருக்கேன். அவர் சொல்றது முழுசா தப்பு இல்லை சார். ஒருத்தருக்குக் கேப் மடங்கி, காலை வெளியே எடுக்கவே கஷ்டப்பட்டோம்.

அது நடக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சிக்கிக்கொள்வது வேறு, வெட்டுவது வேறு. அவர் சொன்னதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பலமாக ஒருமுறை அடி வாங்கிய கேப்பை மறுபடி நம்பக் கூடாது. இரும்பு என்றால் பள்ளம் தெரியும். நாரும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் கேப் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும், விரிசல் உள்ளேயே இருக்கும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், அடி அடிக்கடி விழும் இடத்தில் இரும்பு என்பேன். உலைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் பலர் விரல் குறைவாகச் சுடுகிறது என்று காம்போசிட்டை விரும்புகிறார்கள். அதையும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஃபவுண்டரி என்பதால் கேட்கிறேன்: லேஸ் கட்டிய ஷூவா போடுகிறீர்கள்? உருகிய உலோகம் தெறித்தால் லேஸிலும் நாக்கு மடிப்பிலும் போய் உட்கார்ந்துவிடும். அவிழ்க்க நேரம் இருக்காது. லேஸ் இல்லாத, சட்டென்று உருவக்கூடிய பூட் வேண்டும். பேண்ட்டை அதற்குள் செருகாமல் வெளியே விடுங்கள்.

புது ஷூ, ஸ்டோரில் நாலு வருஷம் பெட்டியிலேயே இருந்தது. போட்ட மறுநாளே சோல் பொடிப்பொடியா உதிருது.

அது பியூ சோல், அதாவது பாலியூரிதேன். போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதை உள்ளிருந்து சிதைக்கும். ஸ்டோரில் எடுக்கும்போது தயாரித்த மாதமும் வருடமும் பாருங்கள், ஷூவிலேயே இருக்கும். கட்டைவிரலால் சோலை அழுத்தி, ஷூவை வளைத்தும் பாருங்கள். வெடிப்பு விட்டால் போடாதீர்கள். சூட்டுக்கும் பியூ சோல் ஆகாது, நைட்ரைல் ரப்பர் கேளுங்கள்.

சர்க்கரை இருக்கு, காலில் உணர்ச்சி குறைவு. எந்த ஷூ போடலாம்?

முதலில் டாக்டரைப் பாருங்கள். சூடு தெரியாத கால் எரிந்தாலும் சொல்லாது. சூடான தரை வேலையிலிருந்து மாற்றச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

300 டிகிரின்னு போட்டிருக்கு சார், உலை பக்கம் நிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

வெல்டிங் பண்றேன். 300 டிகிரி ஷூ போதுமா?

மறுபடியும் அதே 300. சோல் மட்டும் போதாது. உங்களுக்குப் பொறி மேலிருந்து விழுகிறது, அதனால் மேல்பாகம் தோலாக இருக்க வேண்டும், வலைத்துணி கூடாது. எச்.ஐ. குறி இருக்கிறதா என்று ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.