நான்கு பெட்டி, நான்கு n

கடிதம்: வணக்கம். கீழே உள்ள நிரலில் f(3) என்று அழைத்தால் வரிசையாக 3 2 1 1 2 3 வருகிறது. முதல் மூன்றும் புரிகிறது. n பூஜ்யம் ஆன பிறகு மறுபடி 1 2 3 எங்கிருந்து வருகிறது? ஸ்டேக் படம் போட்டுப் பார்த்தேன். ஒரே பெட்டியில் n-ஐ அடித்து அடித்து எழுதியதில் குழம்பிவிட்டேன்.

```
1 def f(n):
2     if n == 0:
3         return
4     print(n)
5     f(n - 1)
6     print(n)
```

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

குழப்பம் அந்த ஒரே பெட்டியால் வந்தது. இந்த நிரலில் எந்த n-உம் மாறுவதே இல்லை. ஐந்தாம் வரி n - 1-ஐக் கணக்கிட்டு அடுத்த அழைப்புக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கொடுத்தவரின் n அப்படியே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதிய பெட்டி போடுங்கள். அதுதான் ஃப்ரேம்.

பெட்டிக்குள் மூன்று விஷயம் எழுத வேண்டும்: ஃபங்ஷன் பெயர், n-இன் மதிப்பு, எந்த வரியில் நிற்கிறது என்பது. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது எங்கே தொடர்வது என்று படம் சொல்லாது.

கீழிருந்து மேலாக அடுக்கினால், மிக ஆழமான நொடியில் படம் இப்படி இருக்கும்:

```
f   n = 0   வரி 3
f   n = 1   வரி 5
f   n = 2   வரி 5
f   n = 3   வரி 5
முதன்மை நிரல்
```

மூன்று பெட்டிகள் ஐந்தாம் வரியில் காத்து நிற்கின்றன. இப்போது உச்சியில் உள்ள n = 0 பெட்டி return ஆகிறது. அதை அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதற்கு நேர் கீழே உள்ள n = 1 பெட்டிக்கு அம்பு வரையுங்கள். அந்தப் பெட்டியில் ‘வரி 5’-ஐ அடித்து ‘வரி 6’ என்று எழுதுங்கள். ஆறாம் வரி n கேட்கிறது. அதே பெட்டியில் இருப்பது 1, அதுவே அச்சாகிறது. ஃபங்ஷன் முடிந்தது, கோடு. அடுத்த அம்பு n = 2 பெட்டிக்கு, பிறகு n = 3 பெட்டிக்கு. நீங்கள் தேடிய 1 2 3 இதுதான்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு, n = 0 பெட்டியிலிருந்து நேராக முதன்மை நிரலுக்கு ஒரு நீண்ட அம்பு போடுவது. மூன்றாம் வரியின் return தன் ஒரு பெட்டியை மட்டுமே மூடும். உங்கள் படத்தில் மேலே ஒரு பெட்டி திறந்திருக்கும்போது கீழே உள்ளதற்குக் கோடு விழுந்திருந்தால், அந்த இடத்தில்தான் பிழை.

இதே முறையில் ஃபிபனாச்சி வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றிலும் பூஜ்யத்திலும் நிற்கும் வழக்கமான fib(4)-இல் மொத்தம் 9 அழைப்புகள் நடக்கின்றன. ஆனால் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் fib பெட்டிகள் 4-ஐத் தாண்டாது. ஒரு பெட்டி மூடியதும் அடுத்த அழைப்பு அதே உயரத்தில் வந்து உட்காரும். ஒன்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட வேண்டாம். கோடு போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் புதியதை வரையுங்கள்.