அத்தையின் போட்டோவில் எதைத் தொடலாம், எதை விடலாம்?

கேள்வி: என் அத்தை அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் பிரிவுபசார விழா வைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பி, கூடவே இப்படி எழுதியிருக்கிறார்: “தம்பி, அழைப்பிதழில் போட என் படம் கேட்கிறார்கள். இருப்பதில் இது ஒன்றுதான் தேவலை. பின்னால் தொங்கும் காலண்டரை எடுத்துவிடு. மூக்குக்கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ அடிக்கிறது, அதையும் பார். கண்ணுக்குக் கீழே கருப்பாகத் தெரிகிறது. முடிந்தால் கொஞ்சம் வயசைக் குறை. ஆனால் நான் நானாகவே இருக்கணும்.” என் கம்ப்யூட்டரில் GIMP இருக்கிறது, சுமாராகத் தெரியும். எங்கே ஆரம்பிப்பது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: GIMP-ஐ அப்புறம் திறக்கலாம், முதலில் அத்தைக்கு ஒரு போன் போடுங்கள். உங்களுக்கு வந்திருப்பது வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய படம். மூலப்படம் அவர் போனிலேயேதான் இருக்கும். அதை போட்டோவாக அனுப்பாமல், பேப்பர் கிளிப் படத்தைத் தொட்டு Document என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் அளவு குறையாமல் வரும்.

இது எவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வந்த படம் 1200×1600 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அத்தை இடுப்பு வரை தெரிய நிற்கிறார். அழைப்பிதழுக்குத் தலையும் தோளும் போதும் என்று வெட்டினால், அகலத்தில் 420 பிக்சல்தான் மிஞ்சும். ஆஃப்செட் அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நல்லது. 420-ஐ 300-ஆல் வகுத்தால் 1.4 அங்குலம், அதாவது மூன்றரை சென்டிமீட்டர். அழைப்பிதழில் படத்துக்கு 5 செ.மீ. ஒதுக்கியிருந்தால், இழுத்துப் பெரிதாக்கத்தான் வேண்டும். முகம் மொழுமொழுவென்று ஆகிவிடும். மூலப்படம் 3000×4000 என்றால், அதே வெட்டில் 1050 பிக்சல் கிடைக்கும். 5 செ.மீ.க்குத் தாராளம். பள்ளி வாசலில் எப்படியும் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், அதற்கும் இதே படத்தைத்தான் கேட்பார்கள். பெரிய ஃபைல் கையில் இருந்தால் நிம்மதி.

அடுத்து அந்த மூக்குக்கண்ணாடி. வெள்ளைப் படலத்துக்குப் பின்னால் கண் மங்கலாகவாவது தெரிகிறதா என்று நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து Colors → Curves-இல் கோட்டின் இருண்ட முனையைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினால் படலம் ஓரளவு விலகும். கண் தெரியாமல் வெள்ளையாகவே இருந்தால் அங்கே மீட்க எதுவும் இல்லை. மற்றக் கண்ணை நகலெடுத்துத் திருப்பி ஒட்டலாம்தான். ஆனால் பார்வை இரண்டு பக்கமும் பொருந்தாமல் மாறுகண் போலத் தெரியும். நாற்பது வருடம் அவர் கண்ணுக்குப் பயந்த மாணவர்கள் வரும் விழா, அந்த வேலை வேண்டாம்.

அப்படியானால் இன்னொரு படம் எடுக்கச் சொல்வதுதான் வழி. போனில் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். எதிரே எரியும் ட்யூப்லைட்டையும் அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி அத்தையை உட்கார வையுங்கள். மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பிகளை, காதிலிருந்து அரை விரல் அளவு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும், எதிரொளி கேமராவுக்கு வராது. நேரே பார்த்தால் கம்பி தூக்கியிருப்பது தெரியவே தெரியாது. ஸ்டுடியோக்காரர்கள் பல காலமாகச் செய்வதுதான் இது. சுவரில் காலண்டர் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார வைத்தால் இன்னொரு வேலையும் மிச்சம்.

அத்தை, ‘இந்தப் படம்தான் வேண்டும்’ என்று பிடிவாதம் பிடித்தால் (ஆசிரியைகள் பிடிப்பார்கள்) காலண்டரை நீங்கள்தான் எடுக்க வேண்டும். முதலில் வெட்டிப் பாருங்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டுத் தோள் வரை வெட்டினாலே பாதிக் காலண்டர் போய்விடும். மீதியை Clone கருவியால் மறையுங்கள். Ctrl-ஐ அழுத்திக்கொண்டு, காலண்டருக்குப் பக்கத்திலேயே உள்ள வெறும் சுவரில் ஒரு கிளிக் செய்து, பிறகு காலண்டர் மேல் தேயுங்கள். சுவர் வெளிச்சம் இடத்துக்கு இடம் மாறும். தூரத்துச் சுவரிலிருந்து எடுத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள். முடியோரம்தான் சிக்கல். அங்கே சின்ன பிரஷ்ஷால் மெதுவாகப் போங்கள். பறக்கும் நரை முடி இரண்டு அழிந்தால் பரவாயில்லை, தலையின் உருவம் வெட்டியெடுத்தது போல் ஆகக் கூடாது. பின்னணியை மொத்தமாக மங்கலாக்கும் ஆசை வரும். வேண்டாம். முடியின் கருப்பு சுவரில் கசிந்து, தலையைச் சுற்றி ஒரு நிழல் வட்டம் விழும்.

இனி முகம். நெகட்டிவ் காலத்திலேயே ஸ்டுடியோக்களில் கூர்மையான பென்சிலால் நெகட்டிவ்வின் மேல் ‘டச்சப்’ செய்து சுருக்கத்தைக் குறைப்பார்கள். கைதேர்ந்தவர்கள் சுருக்கத்தை அடியோடு அழிக்காமல் ஆழத்தை மட்டும் குறைத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். Layer → Duplicate Layer என்று படத்தின் நகல் ஒன்றை மேலே வையுங்கள். அதில் Heal கருவியை எடுத்து, கன்னத்தின் நல்ல தோலில் Ctrl-கிளிக் செய்து, கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் ஆழமான கோடுகளையும் தயங்காமல் நீக்குங்கள். முகம் பொம்மை போல இருக்கும், பயப்படாதீர்கள். இப்போது அந்த லேயரின் Opacity-யை 40 அல்லது 50-க்கு இறக்குங்கள். அடியிலுள்ள உண்மை முகம் பாதி திரும்பி வரும். நன்றாகத் தூங்கி எழுந்தவர் போல் இருப்பார், வேறு ஆளாக மாட்டார்.

அளவு மீறிவிட்டதா என்று அறிய முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், கழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். முகம் வழவழப்பாகவும் கழுத்து மடிப்போடும் இருந்தால் Opacity-யை இன்னும் குறையுங்கள். சிரிப்பால் விழுந்த கண்ணோரக் கோடுகளையும், மச்சத்தையும், பொட்டையும் தொடவே வேண்டாம். நிறத்தை வெளுக்க வைப்பதும் கூடாது. ‘நான் நானாகவே இருக்கணும்’ என்று அவரே எழுதியிருக்கிறாரே.

அச்சில் படம் திரையில் தெரிவதைவிட இருட்டாகத்தான் வரும். மை தாளில் கொஞ்சம் பரவும் என்பது ஒரு காரணம். அதனால் கடைசியாக Curves கோட்டின் நடுவை மிகச் சிறிதளவு மேலே தூக்குங்கள். கன்னம் வெளிற ஆரம்பித்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு File → Export As கொடுத்து, JPEG தரம் 95-இல் சேமியுங்கள். லேயர்களோடு உள்ள XCF ஃபைலையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அத்தை ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்பார்.

அச்சகத்துக்கு இமெயிலில் அனுப்புங்கள். டிடிபி ஆபரேட்டரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: கட்டத்துக்குள் பொருந்த வேண்டும் என்று படத்தை அகலவாக்கில் இழுக்கக் கூடாது, அவர் பங்குக்கு முகத்தைப் பளிச்சென்று ஆக்கவும் கூடாது. ப்ரூஃப் வந்ததும் அதை அத்தையிடம் தாளில் காட்டுங்கள். போனில் காட்டினால் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து, அழைப்பிதழில் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு புள்ளிக்குத் திருத்தம் போடுவார்.