அவர் அழைப்பதையே நீங்களும் அழைக்காதீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் புனேயில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ்தான் பேசுவோம், ஆனால் சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. எல்லோரும் எனக்கு அங்கிள், ஆன்ட்டிதான். நான் மணக்கவிருப்பவரின் வீடு அம்பாசமுத்திரத்தில். இரு வீட்டாரும் தொலைபேசியில் பேசிச் சம்மதித்துவிட்டார்கள். அடுத்த மாதம் என் பெற்றோருடன் முதல்முறையாக அங்கே போகிறேன். அப்பா, அம்மா, ஆச்சி, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு குழந்தைகள், கூடவே ஓர் அத்தையும் ஒரு மாமாவும் அன்றைக்கு வீட்டில் இருப்பார்களாம். "நான் எப்படிக் கூப்பிடுகிறேனோ அப்படியே கூப்பிடு, போதும்" என்கிறார் அவர். போதுமா? யார் காலிலெல்லாம் விழ வேண்டும்?

ஒரு வாசகி, புனே

அன்புள்ள மகளுக்கு,

போதாது. அவர் பேச்சைக் கேட்டு அப்படியே கூப்பிட்டால் அன்று மாலைக்குள் நீங்கள் அவருக்குத் தங்கையாகிவிடுவீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் மனைவியை நீங்களும் "அண்ணி" என்றால், அந்த அண்ணன் உங்களுக்கும் அண்ணனாகிறார். அப்புறம் அவர் தம்பியை எந்த முறையில் கட்டிக்கொள்வீர்கள்?

உங்கள் வருங்காலக் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வந்ததில்லை. நீங்கள் வளர்ந்த ஊரும் ஒரு காரணம். வடக்கே கணவன் தன் சித்தப்பாவைச் சாச்சா என்றால் மனைவிக்கும் அவர் சாச்சாதான், மாமா மாமாதான், பெயரோடு ஒரு 'ஜி' சேர்த்துக்கொள்வார்கள். தமிழில் அப்படி இல்லை. இங்கே உறவுக்காரர்கள் எல்லோரையும் இரண்டே வரிசையில் நிறுத்திவிடலாம்: ஒன்று பங்காளி வழி, இன்னொன்று மாமன் மச்சான் வழி. அப்பாவின் தம்பி சித்தப்பா, அவரும் ஒருவகையில் அப்பா. அம்மாவின் தம்பி மாமா, அவர் பெண் கொடுக்கல் வாங்கல் உள்ள பக்கம். அமெரிக்கரான லூயி மார்கன் இதைப் பற்றி 1871-இல் எழுதினார். தம் நாட்டுப் பழங்குடியான செனெகா மக்களிடம் கண்ட இதே பிரிவினை, கடலுக்கு அப்பால் தமிழிலும் இருக்கிறதே என்று வியந்து போனார். நம் ஊர்ப் பாட்டிகள் வியக்க மாட்டார்கள். அவர்களுக்கு இது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எவ்வளவு என்பதைப் போல.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். அவருக்குப் பங்காளியாக இருப்பவர் உங்களுக்கு மாமன் வழி. அவருக்கு மாமன் வழியாக இருப்பவர் உங்களுக்குப் பங்காளி வழி. அவர் 'அப்பா' என்று முடிக்கிறாரா, நீங்கள் 'மாமா' என்று தொடங்குங்கள். அவர் 'மாமா' என்கிறாரா, நீங்கள் 'அப்பா'வில் முடியுங்கள்.

அன்றைக்கு வரப்போகிறவர்களையே வைத்துப் பார்ப்போம். அவருடைய அப்பா மாமா, அம்மா அத்தை. இது உங்களுக்கே தெரியும். அண்ணன் உங்களுக்கு அத்தான். சில வீடுகளில் மச்சான் என்பார்கள், அவர்கள் வீட்டில் எது புழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணி உங்களுக்கு அக்கா. உங்களைவிட வயதில் சிறியவராக இருந்தாலும் முதல் நாளில் அக்கா என்றே சொல்லுங்கள், அவர் அந்த வீட்டுக்கு முன்னால் வந்தவர். அவருடைய மாமா, அதாவது உங்கள் வருங்கால மாமியாரின் உடன்பிறந்தவர், உங்களுக்குச் சித்தப்பா அல்லது பெரியப்பா. மாமியாருக்கு இளையவரா மூத்தவரா என்பதைப் பொறுத்தது அது. ஆச்சி மட்டும் இந்தக் கணக்கில் வர மாட்டார். தாத்தா பாட்டி வரிசையில் தமிழ் இந்தப் பிரிவினையைப் பார்ப்பதில்லை. அவருக்கு ஆச்சி என்றால் உங்களுக்கும் ஆச்சிதான்.

இப்போது அந்த அத்தைக்கு வருகிறேன். கவனம் தேவைப்படுவது அவரிடம்தான்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், என் கணவரின் அத்தை ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். இலையில் சோறு விழும் நேரம். "அத்தை, எனக்குக் கொஞ்சமாக வையுங்கள்" என்றேன். அன்னக்கரண்டி அப்படியே நின்றது. "அத்தை என்றால் உன் மாமியாரைக் கூப்பிடு. நான் உனக்குச் சித்தி" என்றார். கோபமில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. பிறகுதான் என் மாமியார் தனியாகச் சொன்னார்: அந்த அத்தைக்கு ஒரு மகள் இருந்தாள், என் கணவருக்கு முறைப்பெண். கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், அமையவில்லை. அந்த மகள் எனக்கு என்ன முறை? தங்கை. அவள் அம்மா எனக்குச் சித்தி. முறையைச் சரியாகச் சொல்லியிருந்தால் அந்தப் பழைய கதையை நான் கிளறியிருக்க மாட்டேன். "உங்கள் மகளின் இடத்தைப் பறித்தவள்" என்பது போய் "உங்கள் இன்னொரு மகள்" என்று ஆகியிருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வேலை இருக்கிறது.

ஆகவே உங்கள் வருங்கால மாமனாரின் உடன்பிறந்தவரான அந்த அத்தை, மாமனாருக்கு மூத்தவர் என்றால் பெரியம்மா, இளையவர் என்றால் சித்தி. போவதற்கு முன்பு உங்கள் வருங்காலக் கணவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அத்தை அப்பாவுக்கு அக்காவா தங்கையா, அத்தைக்குக் கல்யாண வயதில் மகள் உண்டா. இரண்டாவது கேள்விக்கு அவர் தடுமாறினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

எல்லா வீட்டிலும் இது இப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நகரங்களில் கணவரின் மாமாவை மனைவியும் மாமா என்றே சொல்லிவிடுகிறார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை. முன்பே உறவுக்குள் கல்யாணம் என்றால் பழைய முறையே தொடரும். மாமியாரை மாமி என்றே அழைக்கிற வீடுகள் ஏராளம்; இலங்கைத் தமிழரிடம் அதுதான் வழக்கம். உங்கள் வீடும் அவர் வீடும் வேறு வேறு சமூகம் என்றால் சொற்கள் இன்னும் மாறும். அதனால் நான் சொன்னதை மனப்பாடம் செய்வதைவிட, அந்த வீட்டு மருமகளான 'அக்கா'வைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது நல்லது. மகனுக்குத் தெரியாதது மூத்த மருமகளுக்குத் தெரியும். அவரும் ஒரு நாள் இந்தப் பரீட்சையை எழுதியவர்தானே.

இனி வாசலுக்கு வருவோம். நீங்கள் நினைப்பதுபோல் முதல் பேச்சு உங்களுடையது அல்ல. நம் வீடுகளில் வந்தவரை "வாருங்கள்" என்று சொல்ல வேண்டியது வீட்டார். ஒருவர் சொன்னால் எல்லோரும் சொன்னதாக ஆகாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்வார்கள். "வா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்பது நாற்பது வருடம் கழித்தும் பேசப்படுகிற குறை. வந்தவளும் அதே கணக்கில்தான் பார்க்கப்படுவாள். ஒவ்வொரு "வாம்மா"வுக்கும் அவர் முகத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். கூட்டமாக நிற்பவர்களைப் பார்த்துப் பொதுவாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு உட்காராதீர்கள். மாமனார், அத்தான், சித்தப்பா போன்ற ஆண்களுக்குக் கைகூப்பினால் போதும், கை நீட்ட வேண்டாம். பெண்களிடம் "வணக்கம்" என்று சொன்னால் மேடைப் பேச்சுபோல் இருக்கும். சிரித்து, "நன்றாக இருக்கிறீர்களா, அத்தை?" என்றாலே நிறைந்துவிடும்.

அந்த "அத்தை"யை எப்போது சொல்வது? பேச்சு முடிந்துவிட்டது, நிச்சயம் ஆகவில்லை. என் யோசனை, முதல் ஐந்து நிமிடம் எந்த முறையும் சொல்லாமல் பேசுங்கள். "உட்காருங்கள்", "சொல்லுங்கள்" என்று மரியாதையை வினைச்சொல்லிலேயே வைத்துக்கொள்ளும் வசதி தமிழில் உண்டு. அவர்களே "அத்தை எடுத்து வைக்கிறேன், நீ உட்கார்" என்று தம்மைச் சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆன்ட்டி மட்டும் வேண்டாம். அது தவறான சொல் என்பதற்காக அல்ல. பக்கத்து வீட்டுப் பெண்ணாக ஆகிவிடுவீர்கள்.

காலில் விழுவது பற்றி. புனேயில் குனிந்து பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது உங்களுக்குக் கை வந்த பழக்கமாக இருக்கும். அம்பாசமுத்திரத்தில் வாசலிலேயே அதைச் செய்தால், ஏதோ கீழே விழுந்துவிட்டது, தேடுகிறாள் என்று நினைத்து மாமனார் ஓரடி பின்னால் போய்விடுவார். நம் பக்கம் வணங்குவது பெரும்பாலும் வரும்போது அல்ல, புறப்படும்போது. பெண்கள் மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்குவார்கள். பெரியவர் திருநீறு பூசிவிடுவார். அன்றைக்கு ஆச்சிக்கு மட்டும் செய்தால் போதும், மாமனார் மாமியாருக்கு நிச்சயத்தன்று நீங்களும் அவருமாகச் சேர்ந்து விழுந்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆச்சி கட்டிலில் படுத்திருந்தால் விழக் கூடாது, படுத்திருப்பவரை வணங்குவதை அமங்கலமாகக் கருதுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரை யாராவது எழுப்பி உட்கார வைத்த பிறகு வணங்கலாம்.

அத்தையோ ஆச்சியோ கணவரை இழந்தவராக இருந்தால், சில வீடுகளில் முதல் நாள் கூடத்துக்கு வராமல் பின்கட்டிலேயே இருந்துவிடுவார்கள். யாரும் அறிமுகப்படுத்தவும் மாட்டார்கள். "ஆச்சி எங்கே?" என்று நீங்களே கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். அந்த வழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு; அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

புறப்படும்போது "போகிறேன்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. "போய் வருகிறேன்" என்று, வரவேற்ற அத்தனை பேரிடமும் மறுபடி தனித்தனியாக.

குழந்தைகளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அத்தானின் பிள்ளைகளுக்கு நீங்கள் சித்தி. அவர்கள் எப்படியும் சத்தமாகக் கேட்பார்கள், "இவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?" என்று. நீங்கள் பதில் சொல்லாதீர்கள். உங்கள் 'அக்கா' என்ன சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள். "அக்கா என்று கூப்பிடு" என்றால் அந்த வீட்டில் இன்னும் ஏதோ பேச்சு பாக்கி இருக்கிறது. "சித்தி என்று கூப்பிடு" என்றால், நிச்சயத்துக்குப் புடவை எடுக்கத் தொடங்கிவிடலாம்.