குடிநீர் நோட்டீஸ் ஏன் புரிவதில்லை?

“நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். நாங்கள் அனுப்பும் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘இதில் என்ன சார் எழுதியிருக்கிறது?’ என்று பலர் கவுன்ட்டருக்கு வருகிறார்கள். ஒரு வாக்கியம்: ‘குடிநீர் இணைப்புக் கட்டண நிலுவைத் தொகை வசூல் நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருவதால், உரிய காலத்திற்குள் தொகை செலுத்தப்படாத பட்சத்தில் இணைப்புத் துண்டிப்பு நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.’ இதை எப்படித் திருத்துவது?”

முதலில் ‘நடவடிக்கை’, ‘மேற்கொள்ளப்படும்’ இரண்டையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். பொருள் எதுவும் குறையாது. உண்மையில் நடக்கும் வேலைகள் வசூலிப்பதும் துண்டிப்பதும்தான். அவற்றைப் பெயராக்கி உட்கார வைத்துவிட்டதால், வாக்கியத்தை முடிக்க ‘மேற்கொள்’ என்று இன்னொரு வினை தேவைப்பட்டிருக்கிறது. பெயரை மறுபடி வினையாக்கினால் ‘வசூலிக்கிறோம்’, ‘துண்டிப்போம்’ என்று வந்து நிற்கும். ‘யார்?’ என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்: நகராட்சி.

அடுத்து தொடக்கத்தில் உள்ள தொடர். குடிநீர் முதல் நடவடிக்கைகள் வரை ஏழு பெயர்கள், நடுவில் ஒரு வேற்றுமை உருபுகூட இல்லை. இப்படி உருபு மறைந்து பெயர்கள் சேர்வது தமிழில் புதிதல்ல. ‘தண்ணீர்க் குடம்’ என்றால் யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் ஏழு பெயர்கள் அடுக்கினால், மறைந்த உருபுகளை எல்லாம் படிப்பவரே ஊகிக்க வேண்டும். ஆகவே கடைசிப் பெயரிலிருந்து பின்னோக்கி விரியுங்கள்: வசூலிப்பது எதை? பாக்கியை. எதன் பாக்கி? ‘இணைப்புக் கட்டணத்தின்’ பாக்கி. இங்கேதான் சிக்கல். அது புதிய இணைப்புக்காகக் கட்டும் தொகையா, தண்ணீருக்காகக் கட்டும் தொகையா? கோப்பைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. கவுன்ட்டருக்கு வருபவருக்கும் இதே குழப்பமாக இருக்கலாம்.

தண்ணீர்க் கட்டணம்தான் என்று கோப்பில் இருந்தால், நோட்டீஸை இப்படி எழுதலாம் (தொகையும் தேதியும் என் கற்பனை):

“உங்கள் வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தில் ரூ.1,200 பாக்கி இருக்கிறது. மார்ச் 31ஆம் தேதிக்குள் அதைச் செலுத்துங்கள். செலுத்தாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம்.”

பழைய வாக்கியத்தில் தொகையும் இல்லை, தேதியும் இல்லை. ‘உரிய காலம்’ என்று எழுதித் தப்பித்திருக்கிறார்கள். வினையை முன்னுக்குக் கொண்டுவந்தால் ‘எவ்வளவு, எப்போது’ என்ற கேள்விகள் தாமாக எழும். கோப்பில் விடை இல்லையென்றால் மேலதிகாரியிடம் கேளுங்கள், நீங்களே நிரப்பிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் உடைக்கவும் வேண்டாம். ‘சொத்து வரி’, ‘பிறப்புச் சான்றிதழ்’ போன்றவை நிலைத்துவிட்ட பெயர்கள், விரித்தால்தான் புரியாது. ‘குழாய் உடைக்கப்பட்டிருக்கிறது’ என்பதிலும் தவறில்லை, உடைத்தவர் யாரென்று தெரியாதபோது வேறு எப்படி எழுதுவது? ‘துண்டிக்கலாம்’ என்று விதியில் இருப்பதை மட்டும் ‘துண்டிப்போம்’ என்று மாற்றும் முன் அதிகாரியின் ஒப்புதலைப் பெறுங்கள். சட்டப்பிரிவைக் குறிக்கும் வரியை மாற்றாமல் நோட்டீஸின் அடியில் தனியாகப் போட்டுவிடலாம்.