டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியை எடுத்துவிட்டால்

எங்கள் ஊர் தங்கச்சிமடம். அப்பாவுக்கு 54 வயது, சொந்தமாக நாட்டுப்படகு வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு காலில் திருக்கை முள் குத்திப் புண் பழுத்து, மதுரையில் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்’ என்று ஒரு வரி இருக்கிறது. இப்போது அவருக்கு 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு எடுக்கிறோம். கம்பெனி அந்தச் சம்மரியைக் கேட்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாம், எல்லோரும் செய்வதுதான் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?

செய்யாதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வரியை எடுப்பதால் உங்களுக்கு மிச்சமாவது மிகக் கொஞ்சம், போவது மொத்தக் காப்பீடு என்பதால் சொல்கிறேன்.

முதலில் அந்த வரி எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்ப்போம். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது மருத்துவமனையில் உள்ள பெரிய கோப்பிலிருந்து எடுத்து எழுதிய சுருக்கம்தான். உங்கள் அப்பாவின் உள்நோயாளி எண்ணுக்குக் கீழே, அவசரப் பிரிவில் முதலில் பார்த்த மருத்துவர் எழுதிய குறிப்பும், வார்டு மருத்துவர் பழைய நோய்களைக் கேட்டு எழுதிய பக்கமும், செவிலியர் வேளாவேளைக்குச் சர்க்கரை அளவைப் பதிந்த அட்டவணையும், இன்சுலின் போட்டிருந்தால் அதற்கான மருந்துப் பட்டியலும், ஆய்வகத்தின் எச்பிஏ1சி முடிவும் இருக்கும். எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, அது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்வார்கள். கம்ப்யூட்டர் சென்டர் தம்பி ஒரு வரியை எடுப்பார். அதே சம்மரியின் கடைசியில், வீட்டில் தொடர வேண்டிய மாத்திரைகளில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அப்படியே நிற்கும். அதையும் எடுத்தால் மருத்துவமனையின் கணினியில் உள்ள பிரதியோடு பொருந்தாது. பெரிய தொகைக்குக் கிளெய்ம் வந்தால் கம்பெனி அனுப்பும் விசாரணையாளர் முதலில் போய் நிற்கும் இடம் மருத்துவமனையின் ஆவணப் பிரிவு. உள்நோயாளி எண்ணைச் சொல்லி முழுக் கோப்பையும் வாங்கி, நீங்கள் கொடுத்த தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவருக்கு அரை மணி நேர வேலை.

அந்த வரியை அப்படியே விட்டால் என்ன இழப்பு? பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அது 36 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. முன்பு 48 மாதங்களாக இருந்தது. அந்தக் காலத்துக்குச் சர்க்கரைக்கும், அதிலிருந்து நேரடியாக வரும் சிக்கல்களுக்கும், அதாவது ஆறாத கால் புண், சிறுநீரகம், கண் விழித்திரை போன்றவற்றுக்கும் பணம் கிடைக்காது. மற்ற நோய்களுக்குக் கிடைக்கும். பாலிசி தொடங்கிய முதல் 30 நாள் நோய்களுக்குப் பொதுவான தடை உண்டு, விபத்துக்கு அதுவும் கிடையாது. குடலிறக்கம், கண்புரை போன்ற சிலவற்றுக்குத் தனிக் காத்திருப்பு இருக்கும்; ஆனால் அது சர்க்கரை இல்லாதவருக்கும் பொருந்தும். பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். சில கம்பெனிகள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு காத்திருப்பைக் குறைத்தும் தருகின்றன, ஏஜென்டிடம் இதைக் கேளுங்கள். சொல்லாமல் விடுவார், வரியை எடுப்பதைவிட இதற்கு அவருக்கு வேலை அதிகம்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு வைத்தவை. நோயைச் சொன்னால் ஆண்டுப் பிரீமியம் 28,000 ரூபாய், மறைத்தால் 24,000 என்று வைத்துக்கொள்வோம். பாலிசி எடுத்துப் பதினைந்தாம் மாதம் அப்பாவுக்குக் குடல்வால் வெடித்து, அவசர அறுவை சிகிச்சைக்கு 1,40,000 ரூபாய் ஆகிறது. குடல்வாலுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. நோயைச் சொல்லியிருந்தால் பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட தொகை வந்துவிடும். இரண்டு ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியது 8,000 ரூபாய்தான்.

மறைத்திருந்தால்? அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் எவ்வளவு நாளாகச் சர்க்கரை என்று கேட்பார். தியேட்டர் வாசலில் நிற்கும் அம்மா, ஐந்தாறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார் என்று உண்மையைச் சொல்வார். சொல்லத்தான் வேண்டும், சொல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அது கேஸ் ஷீட்டில் ஏறும். கம்பெனி அதைப் பார்த்து, பாலிசிக்கு முன்பு எங்கே சிகிச்சை பெற்றார் என்று கேட்டு, மதுரைக் கோப்பை வரவழைக்கும். தாளில் வரி இல்லை, கோப்பில் இருக்கிறது என்று தெரிந்ததும் 1,40,000 ரூபாயை மறுப்பதோடு நிற்காது. பாலிசியையே ரத்து செய்து, கட்டிய 48,000 ரூபாயையும் பறிமுதல் செய்யப் பாலிசி ஒப்பந்தம் இடம் கொடுக்கும். அடுத்த கம்பெனியின் படிவத்தில் ‘இதற்கு முன் பாலிசி ரத்தானதுண்டா’ என்ற கேள்விக்கும் அப்பா பதில் எழுத வேண்டியிருக்கும். அப்போது அவருக்கு வயது கூடியிருக்கும், காத்திருப்புக் காலமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏஜென்டுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கமிஷன் எப்போதோ வந்துவிட்டது.

இதற்கு ஏஜென்டுகள் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் கம்பெனி எதையும் கிளற முடியாது. பாதி உண்மை. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்த பிறகு, விவரம் சொல்லவில்லை என்றோ தவறாகச் சொன்னார் என்றோ காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அதே விதியில் ஒரு விலக்கு உண்டு: மோசடி நிரூபிக்கப்பட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நினைவில்லாமல் ஒரு நோயை எழுதாமல் விட்டவர், வேண்டுமென்றே செய்யவில்லை என்று வாதாடலாம். திருத்திய தாளைக் கொடுத்தவருக்கு அந்த வாதம் இல்லை. ஏமாற்றும் எண்ணத்துக்கு அந்தத் தாளே சாட்சி. எழுதாமல் விட்டிருந்தால் மறதி என்று முடிந்திருக்கக்கூடியதை, காலக்கெடு இல்லாத மோசடியாக மாற்றுவது அந்தத் திருத்தம்தான். போலி ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகளிலும் வரும். ஏமாற்றுவதற்காக ஆவணத்தைப் போலியாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம். கம்பெனிகள் எல்லா நேரமும் போலீஸுக்குப் போவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் போனால் கையெழுத்துப் போட்ட அப்பாவும், திருத்திக் கொடுத்த தம்பியும் சேர்ந்தே சிக்குவார்கள்.

நீதிமன்றங்களும் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டிருக்கின்றன. நாட்பட்ட சர்க்கரையையும் சிறுநீரகச் செயலிழப்பையும் மறைத்து மெடிகிளெய்ம் எடுத்த ஒருவரின் வழக்கில், கம்பெனி பணம் தர மறுத்தது சரி என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. 2021 டிசம்பரில் வந்த தீர்ப்பு நேர்மாறானது. அந்த மனிதர் சர்க்கரை நோயைப் படிவத்திலேயே சொல்லிப் பயணக் காப்பீடு எடுத்து அமெரிக்கா போனார்; போய் இறங்கியதும் மாரடைப்பு வந்தது. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கம்பெனி மறுத்தது. சொன்ன நோயை அறிந்து, மதிப்பிட்டுப் பாலிசி கொடுத்த பிறகு அந்த நோயையே காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சொன்ன வரி உங்களுக்குச் சாட்சியாக நிற்பது இப்படித்தான்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வரி உண்மையிலேயே தவறாகவும் இருக்கலாம். நான்கு மாதம் என்று சொன்னதை நான்கு ஆண்டு என்று எழுதியிருக்கலாம். புண் பழுத்த காய்ச்சலில் தற்காலிகமாக ஏறிய சர்க்கரையைப் பழைய நோய் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, சிகிச்சை செய்த மருத்துவரிடமிருந்தே தேதியும் கையெழுத்தும் உள்ள திருத்தச் சம்மரியை வாங்குங்கள். பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தால் மனுவோடு வையுங்கள். அது நேர்மையான திருத்தம். ஏனென்றால் மருத்துவமனைக் கோப்பும் சேர்ந்தே மாறுகிறது. கேஸ் ஷீட்டின் பிரதியைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை சொல்கிறது.

வரி சரிதான் என்றால், படிவத்தில் இப்படி எழுதுங்கள்: “சர்க்கரை நோய் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக உள்ளது. மாத்திரை உட்கொள்கிறார். சென்ற ஆண்டு திருக்கை முள் குத்திய கால் புண்ணுக்கு ஆறு நாள் உள்நோயாளியாக இருந்தார். புண் ஆறிவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியும் மூன்று மாதத்துக்குள் எடுத்த எச்பிஏ1சி முடிவும் இணைக்கப்பட்டுள்ளன.” மாத்திரையின் பெயரையும் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும், கைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்வதற்கு முன்பு ஒவ்வொரு பதிலையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ஏஜென்ட் எழுதியது எனக்குத் தெரியாது என்று பிறகு சொன்னால் பெரும்பாலும் எடுபடாது.

பாலிசி வந்ததும் அதனோடு வரும் முன்மொழிவுப் படிவத்தின் பிரதியைப் பாருங்கள். சர்க்கரைக்கு நேரே ‘இல்லை’ என்று இருந்தால் உடனே கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதித் திருத்தம் கேளுங்கள். திருத்த மறுத்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடலாம், சிறு பிடித்தங்கள் மட்டும் போகும்.