அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவ ஆய்வு மாணவி நான். கட்டுரைகளைப் படிக்கும்போது முடிவுகள் பகுதியில் P மதிப்பைத்தான் முதலில் தேடுவேன். 0.05க்குக் கீழே இருந்தால் 'பலன் உண்டு', மேலே இருந்தால் 'பலன் இல்லை' என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். போன வாரம் என் வழிகாட்டி அந்தக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, "அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் படித்திருக்கிறாயே" என்றார். நம்பக இடைவெளியைத்தான் சொல்கிறார் என்று தெரிகிறது. அதன் வரையறையும் தெரியும். ஆனால் ஒரு முடிவைப் படிக்கும்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஒரு கட்டுரையை எடுத்துப் படித்துக் காட்ட முடியுமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

ஒரே கட்டுரையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஆண் மருத்துவர்கள் 22,071 பேரிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வு அது. இறுதி அறிக்கை 1989இல் வந்தது. பாதிப் பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தார்கள், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. சராசரியாக ஐந்து ஆண்டுகள் கண்காணித்தார்கள். அதிலிருந்து மூன்று வரிகள் நமக்குப் போதும். இவற்றில் இடர் விகிதம் என்பது ஆஸ்பிரின் எடுத்தவர்களின் ஆபத்தைப் போலி மாத்திரை எடுத்தவர்களின் ஆபத்தால் வகுத்த எண்.

மாரடைப்பு: இடர் விகிதம் 0.56, 95% இடைவெளி 0.45 முதல் 0.70 வரை, P 0.00001க்கும் கீழே.
மூளை ரத்தக்கசிவு: இடர் விகிதம் 2.14, இடைவெளி 0.96 முதல் 4.77 வரை, P = 0.06.
இதய, ரத்தநாள நோய்களால் மரணம்: இடர் விகிதம் 0.96, இடைவெளி 0.60 முதல் 1.54 வரை.

உங்கள் முறைப்படி குறித்தால் மாரடைப்புக்குப் பலன் உண்டு, ரத்தக்கசிவு ஆபத்து இல்லை, மரணத்தில் வித்தியாசம் இல்லை என்று வரும். இந்த மூன்றில் முதலாவது பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. மற்ற இரண்டும் தவறு.

இரண்டாவது வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் P மதிப்பு ஆளை அதிகம் ஏமாற்றுகிறது. இடைவெளியைப் படிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அதன் இரு முனைகளையும் தனித்தனியாக எடுத்து, 'உண்மை இதுதான் என்றால் என்ன செய்வேன்?' என்று கேளுங்கள். கீழ்முனை 0.96. உண்மை அதுவானால் ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு கூடவில்லை, கவலையும் இல்லை. மேல்முனை 4.77. உண்மை அதுவானால் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு, மாத்திரையைத் தருவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். இரு முனைகளும் இரண்டு வெவ்வேறு முடிவுகளுக்குத் தள்ளுகின்றன. ஆகவே இந்த வரி 'ஆபத்து இல்லை' என்று சொல்லவில்லை. 'இந்தத் தரவை வைத்துத் தீர்மானிக்க முடியாது, ஆனால் சாய்வு ஆபத்தின் பக்கம்' என்றுதான் சொல்கிறது. இடைவெளிக்குள் இருக்கும் எண்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவையும் அல்ல. நடுவில் இருப்பவை தரவோடு நன்றாக ஒத்துப்போகும், முனைக்குப் போகப்போக ஒத்துப்போவது குறையும். இங்கே 'விளைவு இல்லை' என்பதைக் குறிக்கும் 1, கீழ்முனையை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. P 0.06 ஆனதும் அதனால்தான். அது 0.04 ஆகியிருந்தால் கீழ்முனை 1ஐ மயிரிழையில் தாண்டியிருக்கும், அவ்வளவே. அதற்காக நாம் 'இல்லை'யிலிருந்து 'உண்டு'க்குத் தாவுவது வேடிக்கை.

22,000 பேரை வைத்தும் ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்கலாம். இடைவெளியின் அகலத்தைத் தீர்மானிப்பது ஆட்களின் எண்ணிக்கையை விட, நிகழ்வுகளின் எண்ணிக்கைதான். ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 23 பேருக்கும் மற்றவர்களில் 12 பேருக்கும் ரத்தக்கசிவு வந்தது. மொத்தம் 35. எத்தனை ஆயிரம் பேர் ஆய்வில் இருந்தாலும், இந்த 35ஐ வைத்துத்தான் அந்த விகிதம் கணக்கிடப்படுகிறது. (23ஐ 12ஆல் வகுத்தால் 1.92 வரும். கட்டுரையின் 2.14 வயது போன்றவற்றைச் சரிசெய்த எண்.) எனவே ஒரு கட்டுரையின் சுருக்கத்தில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், அட்டவணையில் நிகழ்வுகள் எத்தனை என்று தேடுங்கள்.

மூன்றாவது வரிக்கும் இதே சோதனை. 0.60 என்றால் மரணம் 40% குறைகிறது, 1.54 என்றால் 54% கூடுகிறது. இவ்வளவு பெரிய நன்மையும் இவ்வளவு பெரிய தீமையும் ஒரே இடைவெளிக்குள் இருக்கும்போது 'வித்தியாசம் இல்லை' என்று எழுதுவது தரவு சொல்லாததைச் சொல்வது. மருத்துவர்களான பங்கேற்பாளர்கள் பொதுமக்களை விட ஆரோக்கியமாக இருந்தார்கள், இதயநோய் மரணங்கள் எதிர்பார்த்ததை விட மிகக் குறைவாக நேர்ந்தன, அதனால் இந்தக் கேள்விக்கு இடைவெளி குறுகவே இல்லை. 'வித்தியாசம் இல்லை' என்று சொல்ல விரும்பும் ஆய்வு 0.95 முதல் 1.05 வரை என்பது போல 1ஐச் சுற்றி இறுக்கமான ஒரு இடைவெளியைக் காட்ட வேண்டும். அப்போதுதான் இரு முனைகளும் ஒரே முடிவைத் தரும்.

இப்போது முதல் வரி. 0.45, 0.70 என்ற இரு முனைகளும் 1க்குக் கீழே இருக்கின்றன. மாரடைப்பு குறைகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு குறைகிறது? '44% குறைவு' என்று நாளிதழ்கள் எழுதும். விகிதம் மட்டும் தெரிந்தால் விளைவின் அளவு தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம், அது பாதிதான். எதன் 44% என்று தெரிய வேண்டும். ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 139 பேருக்கு மாரடைப்பு, அதாவது 1.26%. போலி மாத்திரை எடுத்த 11,034 பேரில் 239 பேருக்கு, அதாவது 2.17%. வித்தியாசம் 0.91%. ஆயிரம் பேர் ஐந்து ஆண்டுகள் மாத்திரை எடுத்தால் சுமார் 9 பேருக்கு மாரடைப்பு தவிர்கிறது. மீதி 991 பேருக்கு, மாரடைப்பைப் பொறுத்தவரை, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த 9க்கும் ஒரு இடைவெளி வேண்டும். கட்டுரை தராவிட்டால் நாமே போட்டுக்கொள்ளலாம். ஆர் நிரலில் ஒரு வரி போதும்:

```
prop.test(c(239, 139), c(11034, 11037), correct = FALSE)
```

விடையாக 0.0056 முதல் 0.0125 வரை வரும். ஆயிரத்துக்கு 5.6 முதல் 12.5 வரை. இதே வரியில் 239, 139க்குப் பதில் 12, 23 என்று கொடுத்தால் ரத்தக்கசிவுக்கான வித்தியாசம் கிடைக்கும். இங்கே ஆபத்து குறையாமல் கூடுவதால் அதன் குறி எதிர்மறையாக வரும், குழம்ப வேண்டாம். ஆயிரத்துக்கு ஒன்று கூடுதல், இடைவெளி ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 2 வரை. விகிதத்தில் பயமுறுத்திய ஆபத்து, தனி எண்ணிக்கையில் பார்த்தால் இந்த இடைவெளியின் மோசமான முனையிலும் ஆயிரத்துக்கு இரண்டு பேர்தான். அதே சமயம் மூளை ரத்தக்கசிவும் மாரடைப்பும் சம எடை கொண்டவை அல்ல என்பதால் 9லிருந்து 1ஐக் கழித்து 8 என்று மகிழ்ந்துவிடவும் முடியாது. எதற்கு எவ்வளவு எடை என்பதைப் புள்ளியியல் சொல்லாது. மருத்துவரும் நோயாளியும் சொல்ல வேண்டும்.

அதனால்தான் முடிவுகள் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு எண்ணை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வேன்: எவ்வளவு வித்தியாசம் இருந்தால் இதைச் செய்வதில் பயனிருக்கும்? ஆயிரத்துக்கு 5 மாரடைப்பு தவிர்ந்தால் போதும் என்று ஒருவர் வைத்தால், 5.6 முதல் 12.5 வரை என்ற இடைவெளி முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. அவருக்கு விஷயம் தீர்ந்தது. பக்கவிளைவுகளை நினைத்து 8 வேண்டும் என்று இன்னொருவர் வைத்தால், கோடு இடைவெளியின் நடுவே போகிறது. P மதிப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இருந்தும் அவருடைய கேள்விக்கு விடை இன்னும் கிடைக்கவில்லை. P பதில் சொல்வது 'பூஜ்யமா?' என்ற கேள்விக்கு. நீங்கள் கேட்பது பெரும்பாலும் 'போதுமா?' என்ற கேள்வி. இடைவெளியைப் பார்த்துவிட்டு அப்புறம் கோட்டை வரைந்தால், அது வசதியான இடத்தில்தான் விழும், அதில் மட்டும் கவனமாக இருங்கள்.

P சிறிதாக இருந்தால் விளைவு பெரிது என்ற நினைப்பு உங்களுக்கும் இருக்கக்கூடும். சோதித்துப் பாருங்கள். இதே ஆய்வு பத்தில் ஒரு பங்கு ஆட்களோடு நடந்திருப்பதாகக் கற்பனை செய்வோம். இரு பக்கமும் 1,104 பேர், மாரடைப்பு 14, 24. விகிதம் 0.58, கிட்டத்தட்ட அதே விளைவுதான். ஆனால் இடைவெளி 0.30 முதல் 1.12 வரை விரிகிறது, P 0.1ஐத் தொடுகிறது. மருந்து மாறவில்லை, விளைவும் மாறவில்லை. உங்கள் ஓரக்குறிப்பு மட்டும் 'பலன் இல்லை' என்று மாறியிருக்கும்.

விகிதங்களின் இடைவெளியைப் படிக்கும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 0.96க்கும் 4.77க்கும் நடு 2.87 தானே, 2.14 எப்படி நடுவாகும் என்று தோன்றலாம். விகிதங்கள் பெருக்கல் கணக்கில் நகர்பவை. பாதியாவதும் இரட்டிப்பாவதும் 1லிருந்து சம தூரம். ஆகவே இரு முனைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்:

```
sqrt(0.96 * 4.77)   # 2.14
sqrt(0.45 * 0.70)   # 0.56
```

நடு எண்ணோடு இது பொருந்தாமல் வெகுதூரம் விலகினால் அச்சுப்பிழையோ, வேறு மாதிரியிலிருந்து எடுத்த எண்ணோ உள்ளே புகுந்திருக்கலாம். இடைவெளியை வேறு முறையில் போட்டிருந்தாலும் சிறிது விலகும், அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக, அந்த இடைவெளி தற்செயலால் வரும் தடுமாற்றத்தை மட்டுமே அளக்கிறது. 40 வயதுக்கு மேற்பட்ட, ஆரோக்கியமான, மாத்திரையை ஒழுங்காக விழுங்கிய ஆண் மருத்துவர்களிடம் கிடைத்த 0.45 முதல் 0.70 வரை, பெண்களுக்கோ ஏற்கெனவே வயிற்றுப்புண் உள்ளவருக்கோ பொருந்துமா என்பது அந்த இரண்டு எண்களுக்குள் இல்லை. அதற்கு நீங்கள் முடிவுகள் பகுதியை விட்டு, யாரைச் சேர்த்தார்கள் என்று சொல்லும் முறையியல் பகுதிக்குத் திரும்ப வேண்டும்.