ஹீமோகுளோபின் 12 வந்துவிட்டது, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தலாமா?

"டாக்டர், எனக்கு 43 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து நர்சரியில் வேலை. ரெண்டு வருஷமா மாதவிலக்கு எட்டு நாள் போகுது, கட்டி கட்டியா வருது. மூணு மாசத்துக்கு முன்னால ஹீமோகுளோபின் 8.7. கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டு இப்போ 12.2. 'நார்மல் ஆயிடுச்சே, நிறுத்திடு'ன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. எனக்கும் மலம் கட்டுது. இன்னும் எத்தனை மாசம் சாப்பிடணும்? வேற ஏதாவது செக் பண்ணணுமா? இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறேன்."

இப்போது நிறுத்த வேண்டாம். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட நாளிலிருந்து இன்னும் 3 மாதம் தொடருங்கள். அதன்பின் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்யலாம். இன்னொன்று, மாத்திரை வேலை செய்தது நல்லதுதான். ஆனால் ரெண்டு வருடமாக இரத்தம் ஏன் இவ்வளவு போகிறது என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. 43 வயதில், அதுவும் இனிப்பு நீர் இருக்கும்போது, அதைத் தள்ளிப்போடக்கூடாது.

முதலில் அந்த 3 மாதக் கணக்கு. உடம்புக்குள் போகும் இரும்பு முதலில் சிவப்பணு தயாரிக்கத்தான் செலவாகும். அந்தத் தேவை தீர்ந்த பிறகுதான் மிச்சம் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேர ஆரம்பிக்கும். ஹீமோகுளோபின் 12 என்றால் பானையில் சோறு வெந்துவிட்டது என்று அர்த்தம். அரிசி டின் இன்னும் காலிதான். ஒரு பெண்ணின் உடம்பில் சேமிப்பாகச் சுமார் 300 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். உங்களுக்கு அது ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபுமரேட் மாத்திரை ஒன்றில் உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம். அதிலும் குடல் உறிஞ்சுவது ஒரு சிறு பங்குதான். சோகை கடுமையாக இருக்கும்போது உறிஞ்சுதல் அதிகமாக இருக்கும். சோகை சரியாகச் சரியாக உடம்பு கதவைச் சாத்திக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் நாளுக்கு 4 மில்லிகிராம் போல உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால், 3 மாதத்தில் 360 மில்லிகிராம். இந்தப் பக்கம் செலவையும் பாருங்கள். 100 மில்லி இரத்தம் போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகும். சாதாரண மாதவிலக்கில் 30 முதல் 40 மில்லிதான் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். எட்டு நாள், கட்டியோடு என்றால் உங்களுக்கு 100 மில்லிக்கு மேல் போவதாகவே நான் எடுத்துக்கொள்வேன். அப்படியானால் அந்த 3 மாதத்தில் சேரும் 360-ல் 120 மாதவிலக்கிலேயே போய்விடும். உணவிலிருந்து கிடைக்கும் இரும்பு அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடும். ஆகவே 3 மாதம் என்பது தாராளமான கணக்கு அல்ல, உங்களுக்கு அது குறைந்தபட்சம். இப்போது நிறுத்தினால் சில மாதங்களிலேயே மறுபடி 9, 10-க்கு வந்து நிற்பீர்கள்.

உங்கள் எண்களிலேயே ஒரு தடயம் இருக்கிறது. மாத்திரை ஒழுங்காக வேலை செய்தால் முதல் மாதத்திலேயே ஹீமோகுளோபின் 2 அளவு ஏற வேண்டும். உங்களுக்கு மூணு மாதத்தில் 3.5 ஏறியிருக்கிறது. ஏறியது என்பதால் குறை இரும்பில்தான் என்பது ஏறக்குறைய உறுதி. மெதுவாக ஏறியதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: ஒரு பக்கம் இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, அல்லது மாத்திரை சரியாக உள்ளே போகவில்லை.

இரண்டாவதற்கு நம்ம ஊர்ப் பழக்கம் ஒன்றே போதும். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தே தாரிக்கோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வது. தேயிலையும் காப்பியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலில் உள்ள கால்சியமும் தடுக்கும். தண்ணீரோடு சாப்பிடுங்கள். தேயும் கோப்பியும் குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். வயிற்றுப் புளிப்புக்கு எடுக்கும் மருந்தும் கால்சிய மாத்திரையும் அதே நேரத்தில் வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும்.

மலச்சிக்கலுக்கு வழி நிறுத்துவது அல்ல, குறைப்பது. நாளுக்கு இரண்டு மூன்று மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் ஒன்றாக்குங்கள். ஒன்றும் தாங்கவில்லையா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று. இது ஏமாற்று வேலை இல்லை. ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சுமார் ஒரு நாளைக்கு இரும்பின் வழியை அடைத்துவிடும். அந்த நேரத்தில் அடுத்த மாத்திரையைத் திணித்தால் பெரும்பகுதி குடலிலேயே தங்கி, மலத்தைக் கட்டும், வயிற்றைப் புரட்டும். ஒரு நாள் விட்டு எடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கிடைக்கும் பங்கு கூடும். வயிறு புரட்டினால் கொஞ்சம் சாப்பாட்டோடு எடுக்கலாம். உறிஞ்சுதல் சற்றுக் குறையும், ஆனால் தொட்டியில் எறியும் மாத்திரையைவிட அது மேல்.

3 மாதம் முடிந்ததும் முழு இரத்தப் பரிசோதனையோடு ஃபெரிட்டினும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சின்ன கிளினிக்கில் அது வழக்கமாக எழுதப்படாமல் போகலாம், அதனால் வாய் திறந்து கேட்பது நல்லது. 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி. 30-க்குக் கீழே இருந்தாலே போதவில்லை என்று நான் தொடரச் சொல்வேன். 50-ஐ ஒட்டி வந்துவிட்டால் நிறுத்தலாம். காய்ச்சலோ புண்ணோ இருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். நிறுத்திய பிறகும் 3 மாதத்தில் ஒருமுறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் சிவப்பணுவின் அளவைக் காட்டும் எம்.சி.வி. மட்டும் குறைவாகவே நின்றால், மாத்திரையை நீட்டிக்காமல் தலசீமியா பரிசோதனை கேளுங்கள். தலசீமியாக் கடத்தியாக மட்டும் இருப்பவருக்கு இரும்பு எந்தப் பலனும் தராது. இதோடு ஒரு சின்ன விஷயம்: இரும்புக் குறை இருந்தபோது எடுத்த மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது எச்.பி.ஏ.1.சி., உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியிருக்கலாம். அதை வைத்து இனிப்பு நீர் மருந்தைக் கூட்டியிருந்தால் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

சரி, இப்போது காரணத்துக்கு வருவோம். 'வயசானா அப்படித்தான் போகும்' என்று தோட்டத்தில் சொல்லுவார்கள். மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கும்போது இரத்தப்போக்கு மாறுவது உண்மைதான். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய முடிவு அது. இந்த வயதில் அதிகம் காண்பது கர்ப்பப்பைச் சதைக்கட்டி, ஃபைப்ராய்டு. அது ஸ்கேனில் தெரிந்துவிடும். கர்ப்பம் இல்லை என்று சிறுநீர் சோதனையில் உறுதிசெய்வதும், பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. சோதனை பாக்கி இருந்தால் முடிப்பதும் அதே வருகையில் நடக்கலாம். கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சிறிது எடுத்துச் சோதிப்பதை 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இப்படிப் போக்கு மாறினாலே செய்கிறோம். உடல் பருமன், இனிப்பு நீர், ஒழுங்கில்லாத மாதவிலக்கு இருந்தால் அதற்கு முன்பே யோசிக்க வேண்டும். உங்களுக்கு இனிப்பு நீர் இருப்பதால் மகப்பேறு நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஒன்றும் தூரமில்லை.

மாதவிலக்குக்கு நடுவில் இரத்தம் படுவது, உடலுறவுக்குப் பின் வருவது, மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு துளியாவது வருவது, அடிவயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டி, இவை எதற்கும் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. வயதுக்கு வந்த நாள் முதலே அதிகமாகப் போகிறது, பல் பிடுங்கினாலும் இரத்தம் நிற்கவில்லை என்று சொல்லும் பெண்களுக்கு வேறு கதை. அவர்களுக்கு இரத்தம் உறையும் தன்மையைச் சோதிக்க வேண்டும்.

எல்லாப் பழியையும் மாதவிலக்கின் மீது போட்டு வயிற்றை மறந்துவிடுவதும் நடக்கிறது. மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை, அல்லது மாதவிலக்கு கட்டுக்குள் வந்த பிறகும் இறங்குகிறது என்றால் குடலைப் பார்க்க வேண்டும். மலத்தில் இரத்தம், மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது, காரணமில்லாமல் எடை குறைவது, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவை இருந்தாலும் அப்படியே. இரைப்பையில் வாழும் எச். பைலோரி என்ற கிருமி மலேசிய இந்தியர்களிடம் மற்ற இனத்தவரைவிட அதிகம். அது புண்ணையும் உண்டாக்கும், இரும்பை உறிஞ்சவும் விடாது. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையும் இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கும். ஜாமுவும் அதில் சேர்த்திதான். சிலவற்றில் வலி மருந்தும் ஸ்டீராய்டும் கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. இரும்பு மாத்திரை எடுக்கும்போது மலம் கருமையாகப் போவது வழக்கம், பயப்பட வேண்டாம். ஆனால் தார் போல ஒட்டி, நாற்றமும் கடுமையாக இருந்தால் அது இரத்தம்.

காரணம் தெரியும்வரை இரத்தப்போக்கைக் குறைக்க மருந்து உண்டு. டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையை அதிகம் போகும் மூன்று நான்கு நாட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி வந்தவர்களுக்கு அது ஆகாது. ஸ்கேனில் பொருத்தம் என்று தெரிந்தால், ஹார்மோன் சுரக்கும் கர்ப்பப்பைச் சாதனம் பல ஆண்டுகளுக்கு இந்தத் தொல்லையையே குறைத்துவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், எழுந்து நின்றால் மயக்கம் வந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அல்லது நெஞ்சு வலித்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, யாரையாவது கூட்டிக்கொண்டு, அன்றே போங்கள்.